ஏற்காடு வீட்டு லிஸ்டிங்: பதினாலு புள்ளியா, நாலு பத்தியா?

மலைவீடு · ஜூன் 3, இரவு 9.40

ஏற்காட்டில் அப்பா கட்டிய இரண்டு ரூம் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறோம். அப்பா எழுதிய பழைய விவரம் நாலு பத்தி. முதல் பத்தி முழுக்க மேகம்தான். அக்கா பையன் போன மாதம் லீவுக்கு வந்தவன், "மாமா, இதை யார் படிப்பாங்க?" என்று எல்லாவற்றையும் உடைத்துப் புள்ளி புள்ளியாகப் போட்டுவிட்டான். இப்போது விசாரிக்கிற ஆட்கள் கூடியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் வந்து இறங்கிய பிறகு முகம் சுளிக்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். போன வாரம் ஒரு குடும்பம் பாதிப் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு இறங்கிப் போனது. நான் எதையும் பொய்யாக எழுதவில்லை. புள்ளி நல்லதா, பத்தி நல்லதா? (லிஸ்டிங் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் தருகிறேன்.)

- 2 படுக்கையறைகள்
- 6 பேர் தங்கலாம்
- காம்பவுண்ட் சுவர், கேட்
- இலவச கார் பார்க்கிங்
- பள்ளத்தாக்கு காட்சி
- 24 மணி நேரமும் வெந்நீர்
- பவர் பேக்கப்
- வீட்டுச் சாப்பாடு
- கேம்ப் ஃபயர்
- வைஃபை
- காட்டெருமைகளைப் பார்க்கலாம்
- ஏரியிலிருந்து 10 நிமிடம்
- செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை
- அமைதியான சூழல்

ஐந்துரோடு · ஜூன் 3, இரவு 10.05

புள்ளிதான். இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. 1997இலேயே ஆராய்ச்சி பண்ணி நிரூபித்துவிட்டார்கள். பத்தியைப் புள்ளியாக மாற்றினால் 124 சதவீதம் கூடுதல் பலன். திரையில் யாரும் படிப்பதில்லை, மேய்கிறார்கள். உங்கள் பிரச்சினை விருந்தாளிகள், எழுத்து இல்லை.

கோரிமேடு · ஜூன் 4, காலை 6.50

அந்தக் குடும்பம் எதற்காக இறங்கிப் போனது? அதைச் சொல்லாமல் புள்ளியா பத்தியா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

மலைவீடு · ஜூன் 4, காலை 8.15

அவர்களுடைய அம்மாவுக்கு முட்டிவலி. கார் நிற்கிற இடத்திலிருந்து வீட்டுக்கு 62 படி ஏறணும். பார்க்கிங் இருக்கிறது என்றுதான் போட்டிருந்தோம், இருக்கவும் இருக்கிறது. ரோட்டோரம், எங்கள் சொந்த இடத்தில், மூன்று கார் நிற்கும். வீடு மேலே.

கோரிமேடு · ஜூன் 4, இரவு 9.20

பத்து வருஷமாக இதுதான் என் பிழைப்பு. மலையில் வீடுகளுக்கும், கீழே சில கடைகளுக்கும் லிஸ்டிங் எழுதிக் கொடுக்கிறேன். தம்பி, உன் பட்டியலில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்பதுதான் இங்கே வேடிக்கை.

நாலாவது வரி பார்க்கிங், ஐந்தாவது வரி பள்ளத்தாக்கு காட்சி. இரண்டும் தனித்தனி விஷயம் மாதிரி நிற்கின்றன. நிஜத்தில் இரண்டும் ஒரே விஷயம். வீடு 62 படி உயரத்தில் இருப்பதால்தான் பள்ளத்தாக்கு தெரிகிறது, அதனால்தான் கார் மேலே வராது. "இருப்பதால்தான்", "அதனால்தான்" என்ற இரண்டு சொல்லையும் அக்கா பையன் வெட்டியிருக்கிறான். புள்ளி போடும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த மாதிரிச் சொற்கள்தான். வெட்டியதும் பார்க்கப் பளிச்சென்று இருக்கும்.

படிக்கிறவர் பார்க்கிங்கையும் பார்க்கிறார், காட்சியையும் பார்க்கிறார். நடுவில் இருக்கிற மேட்டை அவர் எங்கிருந்து கண்டுபிடிப்பார்? கார் வாசலில் நிற்கும், வாசலில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியும் என்று அவரே ஒரு வீடு கட்டிக்கொள்கிறார். அந்த வீட்டுக்குத்தான் பணம் கட்டி வந்தார்.

இன்னும் இப்படி எத்தனை ஜோடி ஒளிந்திருக்கிறது என்று பார்க்கணும். வெந்நீர் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கீசரா? கரண்ட் போனால்?

தாரமங்கலம் · ஜூன் 4, இரவு 9.48

எனக்கும் இதே பிரச்சினைதான். போனில் அந்தக் கறுப்புப் புள்ளி எங்கே இருக்கிறது? கீபோர்டில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை. என்னுடையது தமிழ் கீபோர்டு.

மலைவீடு · ஜூன் 5, காலை 7.30

கீசர்தான் அக்கா. இன்வெர்ட்டர் 900 விஏ. லைட், ஃபேன், வைஃபை ஓடும். கீசர் 2000 வாட், அது ஓடாது. மழைக்காலத்தில் கரண்ட் போனால் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சித் தருவோம். அதற்கு அரை மணி நேரமாகும். இதுவரை யாரும் சண்டை போட்டதில்லை.

கோரிமேடு · ஜூன் 5, மதியம் 1.10

அப்படியானால் ஆறாவது வரியும் ஏழாவது வரியும் ஒன்றையொன்று மறைக்கின்றன. "24 மணி நேரமும் வெந்நீர்" என்பதைப் படித்துவிட்டுக் கீழே "பவர் பேக்கப்" என்று பார்த்தால், கரண்ட் போனாலும் கீசர் ஓடும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். தனியாகப் பார்த்தால் இரண்டு வரியிலும் குறை சொல்ல முடியாது. சேர்த்துப் படித்தால் பொய். யாரும் சண்டை போடவில்லை என்கிறாய். ஜூலை வரட்டும்.

தாரமங்கலம்: வாட்ஸ்அப்பில் ஒரு சின்னக் கோடு போட்டு, ஸ்பேஸ் அடித்து எழுதிப் பாருங்கள், அதுவே புள்ளியாக மாறிவிடும். வெறும் எழுத்து மட்டும் ஏற்கும் பெட்டிகளில் மாறாது. அங்கே கோடு கோடாகவே நிற்கட்டும், குற்றமில்லை.

ஐந்துரோடு · ஜூன் 5, மதியம் 2.00

இது ஒரு வீட்டுக்காரர் படியைச் சொல்ல மறந்த கதை. பன்னிரண்டாவது புள்ளிக்குப் பக்கத்தில் "62 படிகள்" என்று ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. இதற்காக எல்லாரும் பத்தி எழுதணுமா? 124 சதவீதம் என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

செவ்வாய்ப்பேட்டை · ஜூன் 5, இரவு 8.30

நம்முடையது வெள்ளிக் கொலுசு. நான் அமேசானில் போடுவதற்காக ஐந்து புள்ளி எழுதினேன். அழகான வடிவமைப்பு. அன்பளிப்பாகக் கொடுக்க ஏற்றது. எல்லா வயதினருக்கும் பொருந்தும். உயர்ந்த தரம். சேலத்தின் பாரம்பரியம். ஐந்தும் ஐந்து புள்ளி, சுத்தமாக இருக்கிறது. ஆனாலும் தினம் பத்துப் பேர் எடை எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். புள்ளி வேலை செய்யாது என்பதற்கு நானே சாட்சி.

கோரிமேடு · ஜூன் 6, காலை 7.05

ஐந்துரோடு தம்பிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த 124 நம்மை விடாது.

அது ஜான் மோர்க்ஸ், ஜேக்கப் நீல்சன் இரண்டு பேர் செய்த சோதனை. ஆண்டு சரி, 1997. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பற்றி ஒரே சுற்றுலாப் பக்கத்தை ஐந்து விதமாக எழுதி, 51 பேரிடம் கொடுத்தார்கள். முதல் விதம் விளம்பர நடை, அதோடுதான் மற்றதை ஒப்பிட்டார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்ததற்கு 58 சதவீதம் கூடுதல். கண் ஓட்டிப் பார்க்கிற மாதிரி பட்டியலாகப் போட்டதற்கு 47. பெருமையடிக்காமல் எழுதியதற்கு 27. மூன்றையும் சேர்த்துச் செய்ததற்குத்தான் 124. புள்ளி மட்டும் போட்டால் 124 வரும் என்பது, குழம்புக்குக் கிடைத்த பாராட்டைப் பெருங்காயம் வாங்கிக்கொள்கிற மாதிரி.

அந்தப் பட்டியலில் என்ன இருந்தது என்பதையும் பார்க்கணும். ஆறு இடங்களின் பெயர், 1996இல் ஒவ்வொன்றுக்கும் வந்தவர்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான். ஆறும் ஒரே வகைச் சரக்கு. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இப்படிப்பட்டதற்குப் பட்டியல்தான் சரி, நானும் ஒத்துக்கொள்கிறேன். உன் படியும் பார்க்கிங்கும் அந்த வகை இல்லை.

(அந்த ஆறில் ஒன்று கார்ஹென்ஜ். பழைய கார்களைப் பூமியில் நட்டு வைத்து, அதைப் பார்க்க அந்த ஒரு வருஷத்தில் 86,598 பேர். நம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு இப்படி எண்ணி வைக்க ஆள் இல்லை.)

கோரிமேடு · ஜூன் 6, காலை 7.40

கொலுசுக் கடை அண்ணாவுக்கு. நீங்கள் போட்டது ஐந்து புள்ளி. அதைக் குக்கர் லிஸ்டிங்கில் ஒட்டினாலும் பொருந்தும், சால்வையில் ஒட்டினாலும் பொருந்தும். புள்ளி வேலை செய்யாமல் இல்லை, நீங்கள் அதற்கு வேலையே கொடுக்கவில்லை. கொலுசு வாங்குகிறவர் தேடி வருவது நாலைந்து சங்கதி: ஜோடியின் எடை, நீளம், 925ஆ வேறா, திருகாணியா கொக்கியா, முத்து சத்தம் போடுமா போடாதா. இவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக, முன்னால் பெயர், பின்னால் அளவு என்று வையுங்கள்.

"ஜோடிக்கு" என்பதை மறக்காதீர்கள். வெறும் எடை போட்டால் ஒரு காலுக்கா இரண்டு காலுக்கா என்று அடுத்த கேள்வி வரும்.

செவ்வாய்ப்பேட்டை · ஜூன் 6, காலை 11.15

போட்டுவிட்டேன். எடை கேட்கிறவர் இல்லை இப்போது. ஆனால் நீளம் 10 அங்குலம் என்று தெளிவாகப் போட்டும், சின்னதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்புகிறார்கள். தன் கணுக்கால் அளவே தெரியாதவரிடம் 10 என்று சொல்லி என்ன பயன்?

கோரிமேடு · ஜூன் 6, இரவு 10.10

இது நல்ல கேள்வி. 10 அங்குலம் என்பது பட்டியலில் இருக்கட்டும். அளவு எடுக்கிற விதம் வாக்கியமாக வரணும். நூலைக் கணுக்காலில் சுற்றி, நூலை ஸ்கேலில் வைத்துப் பார்த்து, இறுக்கமாகப் பிடிக்காமல் இருக்க அரை அங்குலம் கூட்டி, இரண்டு காலுக்கும் வித்தியாசம் இருந்தால் பெரிய காலை எடுத்துக்கொண்டு... இதில் "கூட்டி", "இருந்தால்" எல்லாம் இல்லாமல் சொல்ல முடியாது. ஒன்று, இரண்டு என்று எண் போட்டாலும் சரி, ஏனென்றால் ஒன்றன் பின் ஒன்றாகச் செய்கிற வேலை. எண் இல்லாத வெறும் புள்ளி மட்டும் வேண்டாம். அது எதை முதலில் செய்வது என்று சொல்லாது.

நான் சோதித்துப் பார்க்கிற முறை ஒன்று உண்டு. வரிகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போடுவேன். கலைத்த பிறகும் அர்த்தம் மாறாவிட்டால் அது பட்டியல். குழம்பிவிட்டால் அது பத்தி. மலைவீடு, உன் பதினாலையும் கலைத்துப் பார்.

மலைவீடு · ஜூன் 7, காலை 9.00

கலைத்தேன் அக்கா. ஒன்றும் குழம்பவில்லை. எல்லாமே அப்படியே நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது பட்டியலாகவே விடலாமா?

கோரிமேடு · ஜூன் 7, காலை 9.30

மாட்டிக்கொண்டேன்.

கோரிமேடு · ஜூன் 8, இரவு 11.00

நேற்று முழுக்க இதுதான் மண்டையில். கலைக்கிற சோதனை ஒழுங்காக எழுதிய எழுத்துக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே வெட்டிப்போட்ட பட்டியலைக் கலைத்தால் எதுவும் குழம்பாது, ஏனென்றால் குழம்ப வேண்டிய சொற்கள் அதில் இல்லவே இல்லை. பத்து வருஷமாக இந்தச் சோதனையைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாற்றிச் செய்து பார்த்தேன். இரண்டு இரண்டு வரியாக எடுத்து நடுவில் "ஆனால்" போட்டுப் பார்ப்பது, அப்புறம் "அதனால்", அப்புறம் "அப்படியானால் மட்டும்". வீட்டை நேரில் தெரிந்தவர்தான் இதைச் செய்ய முடியும், எழுதிக் கொடுக்கிற என்னைப் போன்றவர் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளணும். போனிலேயே தம்பியைக் கேட்டுக் கேட்டு ஒட்டிப் பார்த்ததில் இப்படி வந்தது.

பார்க்கிங் உண்டு, ஆனால் 62 படி. படி உண்டு, அதனால் காட்சி. இது ஒரு கொத்து.

வெந்நீர் உண்டு, ஆனால் கரண்ட் போனால் அரை மணி நேரம் காத்திருக்கணும். இது இரண்டாவது.

சாப்பாடு உண்டு, ஆனால் முந்தின நாள் காலை 11 மணிக்குள் சொன்னால் மட்டும், ஏனென்றால் சமைக்கிற அக்கா ஒண்டிக்கடைக்கு நடந்து போய்க் காய் வாங்கி வரணும். மூன்றாவது.

காட்டெருமை கதையைத் தம்பியே சொல்லட்டும்.

மிச்சமிருக்கிற படுக்கையறை, கேட், வைஃபை, ஏரி, நாய் பூனை: எதோடும் எதுவும் ஒட்டவில்லை. இவை பட்டியல். "6 பேர்" மட்டும் முதலில் ஒட்டுகிற மாதிரித் தெரிந்தது, ஏனென்றால் கட்டிலில் நாலு பேர்தான், இரண்டு பேருக்குத் தரையில் மெத்தை. ஆனால் அது பத்தி கேட்கவில்லை. "கட்டிலில் 4 பேர், தரை மெத்தையில் 2 பேர்" என்று ஒரே வரியில் அடங்குகிறது. அதாவது, ஒட்டுகிற இரண்டும் ஒரு வரிக்குள் அடங்கினால் புள்ளியிலேயே விடலாம். மூன்றாவது ஆள் வந்து சேரும்போதுதான் வாக்கியம் வேண்டியிருக்கிறது.

"அமைதியான சூழல்" எதிலும் சேராது. எடுத்துவிடு.

மலைவீடு · ஜூன் 9, காலை 8.20

காட்டெருமை: காபித் தோட்டத்துக்குள் சாயங்காலம் வந்து மேயும். மேலே சிட்அவுட்டில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல காட்சி. ஏப்ரலில் ஒரு பையன், பார்க்கலாம் என்று போட்டிருக்கிறதே என்று ராத்திரி எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டான். முப்பதாவது படியில் ஒன்று நின்றிருக்கிறது. அவன் ஏறி வந்த வேகத்துக்குப் படியே தேவைப்படவில்லை.

ஐந்துரோடு · ஜூன் 9, காலை 8.45

சரி, காட்டெருமை விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். அது அனுபவம் இல்லை, எச்சரிக்கை.

கோரிமேடு · ஜூன் 9, காலை 9.10

இரண்டும்தான் தம்பி. சிட்அவுட்டில் இருந்தால் அனுபவம், ஆறு மணிக்கு மேல் படியில் இருந்தால் எச்சரிக்கை. அந்த "இருந்தால்" போனால் எது மிஞ்சும் என்று அந்தப் பையனைக் கேட்கணும்.

அம்மாபேட்டை · ஜூன் 11, மாலை 4.30

அச்சகத்தில் முப்பது ஆண்டு பிழை திருத்தியவன். ஒன்று சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் ஆங்கிலப் பட்டியலை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். தமிழில் வினை கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நாய்க்கு இடமில்லை என்றால் "இல்லை" என்கிற சொல்தான் முதலில் நிற்கும். தமிழில் "செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை". கண்ணோட்டுகிறவர் வரியின் முதல் சொல்லைப் பிடித்துக்கொண்டு கீழே தாவுகிறார். அவர் கண்ணுக்குக் கிடைத்தது "செல்லப்பிராணிகள்". மேலே பன்னிரண்டு வரியிலும் இருப்பதைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறீர்கள், இதுவும் இருப்பதுதான் என்று எடுத்துக்கொள்வார்.

வரி முடிவுகளையும் பாருங்கள். ஒன்று "அறைகள்", ஒன்று "தங்கலாம்", ஒன்று "நிமிடம்", ஒன்று "இல்லை". ஒரே பட்டியலில் நாலு விதமான வால்.

கோரிமேடு · ஜூன் 11, இரவு 8.00

ஐயா சொன்னதைச் சோதித்துவிடலாம் என்று, தமிழில் எழுதிய அந்தப் பட்டியலை என் அத்தையிடம் போனில் காட்டி, விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிடுங்கிக்கொண்டேன். "நாய் கூட்டிட்டுப் போலாமா அத்தை?" "போலாம்னுதான் போட்டிருக்கு." அத்தைக்குக் கண்ணாடி போட்டால் பார்வை சுத்தம்.

ஒரே ஒரு அத்தையை வைத்து முடிவு கட்டக் கூடாது, தெரியும். இருந்தாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது. இனிமேல் தமிழில் எழுதினால் இருப்பது ஒரு பட்டியல், இல்லாதது வேறு பட்டியல், அதற்குத் தனித் தலைப்பு.

போனில் இன்னொரு சிக்கலும் பார்த்தேன். தமிழ்ச் சொல் நீளம். ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிகிறது, தமிழில் மடங்கி மூன்று வரியாகிறது. மூன்று வரி மடங்கிய புள்ளி எட்டு இருந்தால் அது பட்டியல் வேஷம் போட்ட பத்திதான். ஆனால் பத்தியின் சௌகரியம் அதில் கிடையாது.

ஐந்துரோடு · ஜூன் 11, இரவு 8.25

"இல்லாதவை" என்று ஒரு தலைப்பு போட்டால் வருகிறவர் ஓடிப்போவார். வியாபாரம் செய்கிறவன் வாசலில் இல்லை இல்லை என்று போர்டு மாட்டுவானா?

அம்மாபேட்டை · ஜூன் 12, காலை 6.15

ஓடிப்போகிறவர் வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் ஓடுவது மேல்.

ஐந்துரோடு · ஜூன் 12, காலை 9.40

அது உங்கள் கருத்து. கடன் கட்டுகிற வீட்டுக்காரர் வேறு மாதிரிச் சொல்வார்.

கோரிமேடு · ஜூன் 12, இரவு 9.00

இதில் நான் நடுவில். "இல்லாதவை" என்பதற்குப் பதில் "வருமுன் தெரிந்துகொள்ள" என்று போட்டுப் பார்த்திருக்கிறேன். அதில் "இல்லை" என்ற சொல் மறுபடியும் வரிக்கடைசிக்குப் போய்விடுகிறது. எது நல்லது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். ஏர்பிஎன்பி மாதிரித் தளங்களில் வைஃபை, பார்க்கிங், வெந்நீர் எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கிற பெட்டி தனியாக உண்டு. தேடுகிறவர் அதை வைத்துத்தான் வடிகட்டுகிறார். அதையே மறுபடியும் விவரத்தில் புள்ளியாகப் போடுவது, வாசலில் ஒட்டிய விலைப்பட்டியலைக் கடைக்குள்ளும் வாசித்துக் காட்டுகிற மாதிரி. படிக்கட்டுக்கும் அங்கே ஒரு டிக் இருக்கிறது. டிக் அடி தம்பி, ஆனால் அது படி ஏறணும் என்று சொல்லுமே தவிர 62 என்று சொல்லாது. எழுதுகிற இடத்தை டிக்கால் சொல்ல முடியாததற்கு வைத்துக்கொள். அதிலும் முதல் இரண்டு மூன்று வரிதான் உடனே தெரியும், மிச்சத்தைப் பார்க்கத் தட்டணும். உன் அப்பா அந்த இடத்தில்தான் மேகத்தை வைத்திருந்தார்.

மலைவீடு · ஜூன் 14, இரவு 10.30

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்துங்கள்.

"கார் ரோட்டோரம் எங்கள் இடத்தில் நிற்கும். அங்கிருந்து வீட்டுக்கு 62 கற்படி. அந்த உயரத்தால்தான் சிட்அவுட்டிலிருந்து பள்ளத்தாக்கு முழுதும் தெரிகிறது, ஆனால் முட்டிவலி உள்ளவர்களுக்கு இந்த வீடு ஒத்துவராது. பெட்டியைத் தூக்க ஆள் வருவார், முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

குளியலறையில் கீசர் உண்டு. மழைக்காலத்தில் கரண்ட் போனால் லைட்டும் ஃபேனும் ஓடும், கீசர் ஓடாது. விறகடுப்பில் காய்ச்சித் தருவோம், அரை மணி நேரமாகும்.

சாயங்காலம் தோட்டத்தில் காட்டெருமை மேயும். சிட்அவுட்டில் உட்கார்ந்து பாருங்கள். ஆறு மணிக்கு மேல் படியில் இறங்க வேண்டாம், இறங்கித்தான் ஆகணும் என்றால் எங்களைக் கூப்பிடுங்கள்."

இதற்குக் கீழே பட்டியல்: அறை, கட்டில், கேட், வைஃபை, ஏரி. அப்புறம் இல்லாதவை. சாப்பாட்டுக்கு ஒரு வரி. கேம்ப் ஃபயரை எடுத்துவிட்டேன், கோடையில் தீப்பிடிக்கும் என்று பயம், மழையில் எரியாது, மிச்சம் இரண்டு மாதம்தான்.

கோரிமேடு · ஜூன் 15, காலை 6.40

முதல் பத்தியைத் தொடமாட்டேன். இரண்டாவதில் "மழைக்காலத்தில்" என்பதை எடுத்துவிடு, கோடையில் கரண்ட் போகாதா? வருகிற வழியை எங்கே காணோம்? அதுதான் எண் போட்டு எழுத வேண்டியது. கோரிமேடு தாண்டி அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவு, ஒண்டிக்கடை ரவுண்டானா, அங்கிருந்து உன் வீடு. ஒன்று, இரண்டு, மூன்று. அதன் கீழே ஒரே ஒரு வாக்கியம்: மழைக்கு மண் சரிந்து இந்த ரோடு மூடியிருந்தால் குப்பனூர் வழியாக வரணும். இந்த "இருந்தால்" வரியை எண்ணுக்குள் நுழைக்காதே. நாலாவது எண்ணாகப் போட்டால் ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு குப்பனூருக்கு இறங்கிப் போகிறவரும் இருப்பார்.

தாரமங்கலம் · ஜூன் 15, இரவு 7.20

- வந்துவிட்டது
- புள்ளி
- நன்றி

அம்மாபேட்டை · ஜூன் 15, இரவு 7.35

புள்ளி வைத்தாயிற்று. கோலம் எப்போது?

செவ்வாய்ப்பேட்டை · ஜூலை 2, காலை 10.50

அளவு எடுக்கிற விதத்தை வாக்கியமாகப் போட்டேன். சின்னதாகிவிட்டது என்று திரும்பி வருவது குறைந்திருக்கிறது. இப்போது பெரிதாகிவிட்டது என்று இரண்டு வந்திருக்கிறது. அரை அங்குலத்தை அவர்களும் கூட்டி, நானும் 10 என்று போட்டதிலேயே கூட்டி வைத்திருக்கிறேன். பட்டியலில் இருப்பது கொலுசின் நீளமா, காலின் அளவா என்று நான் எங்குமே எழுதவில்லை.

கோரிமேடு · ஜூலை 2, மதியம் 12.30

அதை நானும் கேட்கவில்லை அண்ணா. பட்டியலில் "கொலுசின் நீளம்" என்று பெயரை முழுசாகப் போடுங்கள். பட்டியலும் வாக்கியமும் ஒரே பெயரைப் பேசணும் என்பதை நான் முதலிலேயே பார்த்திருக்கணும்.

மலைவீடு · ஜூலை 19, இரவு 9.15

விசாரிக்கிறவர்கள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டார்கள். ஐந்துரோடு அண்ணா சொன்னது அந்த மட்டில் உண்மை. வந்தவர்கள் ஏழு குடும்பம், யாரும் பணம் திருப்பிக் கேட்கவில்லை. மழை நேரம் வேறு, எதனால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு ஒரு அம்மா போன் செய்தார்கள். படியைப் பற்றி முழுதும் படித்திருக்கிறார்கள். "62 படி பரவாயில்லை தம்பி, மெதுவாக ஏறிவிடுவேன். கைப்பிடி இருக்கா?" என்று கேட்டார்கள்.

கோரிமேடு · ஜூலை 19, இரவு 9.22

இருக்கா?

மலைவீடு · ஜூலை 19, இரவு 9.40

ஒரு பக்கம் இருக்கு. மேலே கடைசி இருபது படிக்கு மட்டும் இல்லை.